அப்பாவின் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு ஜி.எல். கேட்டோம், குவெரி வந்திருக்கிறது: கடிதம் எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை செய்தேன். மருத்துவ அட்டையோடு வருகிறவர்களின் பாரங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்புவதும், பதிலை வாங்கிக் குடும்பத்தாரிடம் சொல்வதும்தான் என் வேலை. இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஆனாலும் பிறையிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் யாராவது ஒரு மகனோ மகளோ மாதத்துக்கு இரண்டு முறையாவது அழைத்து ஏறக்குறைய இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். பெயர்களையும் அடையாளங்களையும் எடுத்துவிட்டேன்.

அக்கா, கவுண்டரில் ‘குவெரி வந்திருக்கிறது’ என்கிறார்கள். அப்பாவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்களா?

இல்லை. மருத்துவமனை ஜி.எல். கேட்டு அனுப்பும் பாரத்துக்கு மூன்று விதமான பதில்கள் வரலாம். ஜி.எல். எனும் உத்தரவாதக் கடிதமே வரலாம். அப்போது நீங்கள் முன்பணம் கட்டாமலேயே சிகிச்சை நடக்கும். ‘இந்த விவரம் போதவில்லை, இதை அனுப்புங்கள்’ என்று கேட்கலாம். அதைத்தான் குவெரி என்கிறோம். ‘உத்தரவாதம் தர இயலாது’ என்றும் வரலாம். உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது. கதவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கவுண்டரில் இருப்பவர் வாயால் சொன்னதை வைத்துக் கடிதம் எழுதத் தொடங்காதீர்கள். நிறுவனம் அனுப்பிய வாசகத்தை அப்படியே காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘பழைய ரெக்கார்டு கேட்கிறார்கள்’ என்று என் மேசையிலிருந்தே நாங்கள் சுருக்கிச் சொன்னதுண்டு. உள்ளே எழுதியிருந்ததோ குறிப்பிட்ட ஒரு நோய், அது முதலில் கண்டறியப்பட்ட தேதி, பார்த்த மருத்துவரின் பெயர் என்று மூன்று தனித்தனி விவரங்கள். குடும்பம் மூட்டை மூட்டையாகக் காகிதம் கொண்டுவரும். கேட்ட ஒரு தேதி மட்டும் அதில் இருக்காது.

என்னதான் கேட்கிறார்கள்? அடைப்பு இருப்பது பரிசோதனையிலேயே தெரிகிறதே!

அடைப்பு இருக்கிறதா என்பதில் அவர்களுக்குப் பெரும்பாலும் சந்தேகமில்லை. அது எப்போது தொடங்கியது என்பதைத்தான் கேட்கிறார்கள். மலேசியாவில் விற்கப்படும் மருத்துவ அட்டைகளில் பொதுவாக இரண்டு காத்திருப்புக் காலங்கள் உண்டு. விபத்து தவிர்த்த எந்த நோய்க்கும் முதல் 30 நாள்கள். உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய் உள்ளிட்ட ஒரு பட்டியலுக்கு முதல் 120 நாள்கள். இவற்றுக்கு மேல், பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்ற விலக்கும் இருக்கிறது. முன்பே சிகிச்சை பெற்றிருந்தாலும், மருத்துவர் அறிவுரை சொல்லியிருந்தாலும், தெளிவான அறிகுறிகள் தெரிந்திருந்தாலும் அது ‘முன்பே இருந்த நோய்’தான்.

இதய ரத்தக்குழாய் அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதை வளர்க்கின்றன. அதனால்தான் இதயத்துக்கு ஜி.எல். கேட்டால் ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேள்வி வருகிறது. ஆகவே உங்கள் கடிதத்தின் வேலை இரண்டு தேதிகளை நிறுவுவது: ரத்த அழுத்தம் அல்லது சர்க்கரை முதலில் கண்டறியப்பட்ட நாள், நெஞ்சு அறிகுறி முதலில் தோன்றிய நாள். இரண்டையும் பாலிசி தொடங்கிய நாளோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

பதில் வரும்வரை அப்பா வீட்டில் இருக்கலாமா?

இதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். படியேறும்போது மட்டும் வந்து, நின்றால் அடங்கும் வலி என்றால் தேதி குறித்துச் செய்யும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு நேரம் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதே வலி, வியர்வை, மூச்சுத்திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது ஜி.எல்., கடிதம், ஏஜென்ட் எதையும் நினைக்காதீர்கள், 999 அழையுங்கள். முழு அடைப்பாக இருந்தால் மருத்துவமனை வாசலை அடைந்து 90 நிமிடங்களுக்குள் குழாயைத் திறப்பதே இலக்கு. பினாங்கு பொது மருத்துவமனையிலும் கோலாலம்பூரில் தேசிய இதய மருத்துவக் கழகத்திலும் அந்த வசதி இருக்கிறது. காகிதத்தை அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தை நான் எழுத வேண்டுமா, டாக்டரா, ஏஜென்டா?

மருத்துவ உண்மைகளைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். உங்கள் கடிதம் அந்த ஆவணங்களை ஒரே நூலில் கோத்து, எந்தக் கேள்விக்கு எந்தத் தாள் பதில் என்று காட்டுகிறது. பாலிசி அப்பா பெயரில் இருந்தால் அவர்தான் கையெழுத்திட வேண்டும். சந்தா கட்டுவது நீங்கள் என்பதால் அந்த உரிமை உங்களுக்கு வந்துவிடாது. நீங்கள் எழுதிக் கொடுங்கள், அவர் படித்துக் கையெழுத்திடட்டும். உங்களிடம் பேசலாம் என்ற அனுமதியையும் அதே கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், பிறகு தொலைபேசியில் அழைக்கும்போது ‘உரியவரிடம்தான் பேசுவோம்’ என்ற பதில் வராது.

அனுப்பும் வழி மருத்துவமனையின் காப்புறுதிக் கவுண்டர். குவெரி எந்த வழியாக வந்ததோ அதே வழியாகப் போனால்தான் அந்தக் கோப்பில் சேரும். ஒரு நகலை ஏஜென்டுக்கும் அனுப்புங்கள். நிறுவன வேலை மூலம் கிடைத்த அட்டையாக இருந்தால், குவெரி எழுப்பியது பெரும்பாலும் இடையில் நிர்வாகம் பார்க்கும் நிறுவனமாக இருக்கும். அப்போது உங்கள் மனிதவளப் பிரிவுக்கும் நகல் போகட்டும்.

டாக்டரின் பாரத்தில் ‘10 ஆண்டுகளாக ரத்த அழுத்தம்’ என்று இருக்கிறது. அப்பாவுக்கு வந்து நான்கு வருடம்கூட ஆகவில்லை. எப்படி இப்படி ஆனது?

என்னிடம் வந்த அத்தனை குவெரிகளிலும் அதிகம் பார்த்தது இதைத்தான். ஒரு குடும்பத்துக்கு நடந்ததை விரிவாகச் சொல்கிறேன், உங்களுக்கு வழி புரியும்.

அப்பாவுக்கு 64 வயது, பட்டர்வொர்த்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பாலிசி 2018 ஜூன் 14-இல் தொடங்கியது. 2025 ஏப்ரலில் அடுக்குமாடி வீட்டின் படியேறும்போது நெஞ்சு இறுக்கம். மே 5 அன்று இதய மருத்துவர் நடைப் பரிசோதனை செய்து, மே 14 புதன்கிழமை ஆஞ்சியோகிராம், தேவைப்பட்டால் உடனே ஸ்டென்ட் என்று தேதி குறித்தார். மே 7-இல் குவெரி வந்தது. பாரத்தின் நோய் வரலாற்றுப் பகுதியில் ‘உயர் ரத்த அழுத்தம், 10 ஆண்டுகள்’ என்று இருந்தது. 2025-இலிருந்து 10 ஆண்டுகளைக் கழித்தால் 2015. பாலிசிக்கு மூன்று ஆண்டுகள் முன்பு. அந்த வரியைப் பார்த்த அதிகாரி கேள்வி கேட்காமல் எப்படி விடுவார்?

மகள் அப்பாவிடம் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார். சேர்க்கைக்கு முன் விவரம் எழுதிக்கொண்டவர் ‘எவ்வளவு காலமாக மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்டிருக்கிறார். அப்பா ‘10 வருடமாக’ என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது இரைப்பை எரிச்சலுக்கு வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் வாங்கும் மாத்திரையை. ரத்த அழுத்த மாத்திரை 2021 ஆகஸ்ட் 23-இல் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்தான் தொடங்கியது. இரண்டு மாத்திரைகள் பாரத்தில் ஒன்றாகிவிட்டன. யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வியைப் பிரித்துக் கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இதைச் சரிசெய்ய மூன்று தாள்கள் போதுமானதாக இருந்தன. முதலாவது, 2021-இன் முதல் வருகைத் தேதியோடு கூடிய அரசாங்க கிளினிக்கின் சந்திப்பு அட்டையும் மருத்துவ அதிகாரியின் சிறு குறிப்பும். இரண்டாவது, பக்கத்து கிளினிக் மருத்துவரின் கடிதம். 2015 முதல் இரைப்பைக்கு மட்டுமே மருந்து கொடுத்ததாக அவர் எழுதியதோடு, 2017-இல் பதிவான ரத்த அழுத்தம் 126/80 என்றும் தன் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாலிசிக்கு முந்தைய அந்த ஓர் எண்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக நின்றது. மூன்றாவது, இதய மருத்துவரின் திருத்தக் குறிப்பு.

இன்னொன்றும் செய்தார்கள். பாலிசியோடு இணைந்திருந்த பழைய விண்ணப்பப் பாரத்தைத் தேடி எடுத்தார்கள். இரைப்பை எரிச்சல் அதில் எழுதப்பட்டிருந்தது. எழுதாமல் விட்டிருந்தால், ரத்த அழுத்தக் கேள்வியை மூடும் கடிதமே இரைப்பைக் கேள்வியைத் திறந்திருக்கும். கடிதம் எழுதுவதற்கு முன் உங்கள் விண்ணப்பப் பாரத்தைப் படித்துவிடுங்கள்.

அந்தக் கடிதத்தை அப்படியே காட்ட முடியுமா?

பெயர், எண்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

> பொருள்: 7 மே 2025 தேதியிட்ட உங்கள் கேள்விக்குப் பதில். பாலிசி எண் ___, அடையாள அட்டை எண் ___, மருத்துவமனை ___, சிகிச்சை தேதி 14 மே 2025.
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையார்,
>
> மேற்கண்ட தேதியில் எனக்கு ஆஞ்சியோகிராமும், தேவைப்பட்டால் ஆஞ்சியோபிளாஸ்டியும் செய்ய மருத்துவர் முடிவு செய்துள்ளார். நீங்கள் கேட்ட இரண்டு விவரங்களையும் கீழே தருகிறேன்.
>
> உயர் ரத்த அழுத்தம் முதலில் கண்டறியப்பட்ட நாள்: 23 ஆகஸ்ட் 2021, ___ அரசாங்கச் சுகாதார கிளினிக்கில். சந்திப்பு அட்டையும் மருத்துவ அதிகாரியின் குறிப்பும் இணைப்பு ‘அ’. அதற்கு முன் எனக்கு இந்த நோய் கண்டறியப்படவில்லை. இதற்காக மருந்தும் எடுத்ததில்லை.
>
> முதல் பாரத்தில் உள்ள ‘10 ஆண்டுகள்’ என்பது 2015 முதல் இரைப்பை எரிச்சலுக்கு நான் எடுத்துவரும் மருந்தின் காலம். அம்மருந்தைத் தந்த மருத்துவரின் கடிதம் இணைப்பு ‘ஆ’. 2017-இல் பதிவான என் ரத்த அழுத்தமும் அதில் உள்ளது. இதய மருத்துவரின் திருத்தக் குறிப்பு இணைப்பு ‘இ’. இரைப்பை எரிச்சலை 2018 விண்ணப்பப் பாரத்தில் தெரிவித்துள்ளேன். நகல் இணைப்பு ‘ஈ’.
>
> நெஞ்சு இறுக்கம் முதலில் தோன்றிய நாள்: ஏப்ரல் 2025 இரண்டாம் வாரம், படியேறும்போது. இதற்காக முதலில் மருத்துவரைப் பார்த்த நாள் 21 ஏப்ரல் 2025. அதற்கு முன் இத்தகைய அறிகுறி இருந்ததில்லை.
>
> இந்த விவரங்களின் அடிப்படையில் கேள்வியை முடித்து, 14 மே சிகிச்சைக்கான உத்தரவாதக் கடிதத்தை மருத்துவமனைக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஏதேனும் தேவைப்பட்டால், எந்த ஆவணம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். என் சார்பில் என் மகள் ___ (தொலைபேசி ___) உங்களிடம் பேசவும் விவரம் பெறவும் அனுமதி அளிக்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து, பெயர், தேதி)

எத்தனை ஆண்டுகளாகச் சந்தா கட்டுகிறோம், குடும்பம் எவ்வளவு கலங்கிப்போயிருக்கிறது என்பதெல்லாம் இதில் இல்லை. அவை உண்மைதான், எனக்கும் தெரியும். ஆனால் கோப்பைப் படிப்பவர் ஒரு தேதியைத் தேடுகிறார். அது முதல் பாதியிலேயே அவர் கண்ணில் பட வேண்டும். நெஞ்சு இறுக்கத்தின் தேதியை அந்த அப்பா நினைவுபடுத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். ‘சித்திரைப் புத்தாண்டுக்குக் கோயிலுக்குப் போனபோது படியில் நின்றுவிட்டேன், அதற்கு நாலைந்து நாள் முன்புதான் ஆரம்பித்தது’ என்றார். திருவிழாவையோ திருமணத்தையோ பிடித்து நினைவைப் பின்னோக்கி நடத்தினால் பெரியவர்களுக்குத் தேதி கிடைத்துவிடுகிறது. சரியான நாள் தெரியாவிட்டால் ‘இரண்டாம் வாரம்’ என்றே எழுதுங்கள். கற்பனையாக ஒரு நாளைப் போட்டு, மருத்துவரின் பாரத்தில் வேறொரு நாள் இருந்தால் அடுத்த குவெரி அதன் மீதுதான் வரும்.

அவர்கள் மே 9 வெள்ளிக்கிழமை காலையிலேயே அனுப்பிவிட்டார்கள். அடுத்து சனி, ஞாயிறு, திங்கள்கிழமை விசாக தினம். மாலை வரை தாமதித்திருந்தால் செவ்வாய்க்கிழமைதான் யாராவது திறந்து பார்த்திருப்பார்கள். செவ்வாய் பிற்பகலில் ஜி.எல். வந்தது.

தமிழிலேயே அனுப்பலாமா?

மலாயிலோ ஆங்கிலத்திலோ அனுப்புங்கள். மேலே தமிழில் தந்திருப்பது, என்ன சொல்கிறோம் என்று அப்பாவுக்குப் புரிந்து அவர் கையெழுத்திட வேண்டும் என்பதற்காக. மொழிபெயர்த்த பிறகு தேதிகளை மட்டும் இன்னொரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அரசாங்க கிளினிக்கில் மருத்துவ அறிக்கைக்கு வாரக்கணக்கில் ஆகும் என்கிறார்களே?

முழு அறிக்கை கேட்டால் ஆகும். விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு. உங்களுக்கு வேண்டியது முழு அறிக்கை அல்ல. ‘இன்னாருக்கு உயர் ரத்த அழுத்தம் முதலில் கண்டறியப்பட்ட தேதி இது’ என்ற இரண்டு வரிக் குறிப்பு, கையெழுத்து, கிளினிக் முத்திரை. குவெரியின் நகலையும் அப்பாவின் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் அப்பாவையே அழைத்துக்கொண்டு காலையில் போய் மருத்துவ அதிகாரியிடம் பணிவாகக் கேளுங்கள். எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கிடைக்காவிட்டால், முழு அறிக்கைக்கு விண்ணப்பித்த ரசீதையும் சந்திப்பு அட்டையின் எல்லாப் பக்கங்களின் நகலையும் இணைத்து, ‘அறிக்கைக்கு இந்தத் தேதியில் விண்ணப்பித்துள்ளேன், கிடைத்ததும் அனுப்புகிறேன்’ என்று கடிதத்தில் எழுதுங்கள்.

அட்டையின் முதல் பக்கத்தை மட்டும் நகலெடுக்காதீர்கள். பழைய அட்டை நிரம்பிப் புதிய அட்டை கொடுத்திருந்தால், புதியதில் உள்ள முதல் தேதி நோய் கண்டறிந்த தேதி ஆகாது. பழையதைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

பாரத்தில் இருக்கும் தேதியை மாற்றி எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்கலாமா?

தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்தக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பழைய பாரத்தில் அடித்து எழுதக் கூடாது. ‘முந்தைய பாரத்தில் இப்படி இருந்தது, நோயாளியிடம் மீண்டும் விசாரித்து, இணைத்துள்ள கிளினிக் பதிவுகளைப் பார்த்ததில் சரியான விவரம் இது’ என்று புதிய தேதியோடு தனிக் குறிப்பாக எழுதித் தர வேண்டும். ஆதாரத்தை அவர் கையில் கொடுத்துக் கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் தருவார்கள். வெறும் வாய்வார்த்தையாகக் கேட்டால் தயங்குவார்கள். அவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

பாரத்தில் இருப்பதே உண்மை என்றால் மாற்றச் சொல்லாதீர்கள். நிறுவனம் கிளினிக்குகளுக்கு நேரடியாக எழுதி விவரம் பெற முடியும். அதற்கான ஒப்புதலில் அப்பா ஏற்கெனவே கையெழுத்திட்டிருப்பார். கவனக்குறைவு என்று போக வேண்டிய ஒரு விஷயத்தை மோசடி என்று நீங்களே ஆக்கிவிடுவீர்கள்.

எங்களுக்கு வந்தது வேறு மாதிரி: ‘ஏன் ஸ்டென்ட், மருந்து போதாதா’ என்று கேட்கிறார்கள்.

இது மருத்துவத் தேவை பற்றிய குவெரி. இதற்குக் குடும்பம் வாதாடக் கூடாது. மருத்துவரின் பதிலைக் கேட்டு வாங்கி அனுப்புவதே உங்கள் வேலை. அந்தப் பதிலில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்: அறிகுறி எவ்வளவு உழைப்பில் வருகிறது, இதுவரை என்ன மருந்து கொடுத்தும் வலி நிற்கவில்லை, நடைப் பரிசோதனையோ வேறு சோதனையோ என்ன காட்டியது, எந்தக் குழாயில் எத்தனை விழுக்காடு அடைப்பு. அடைப்பு நடுத்தரமாக இருந்தால் குழாய்க்குள் அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தின் விகிதத்தை எடுப்பார்கள், 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ரத்த ஓட்டம் உண்மையிலேயே குறைகிறது என்று பொருள். அந்த எண் இருந்தால் குறிப்பில் வரட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆஞ்சியோகிராம் செய்யும்போதுதான் அடைப்பின் அளவு தெரியும். அதே மேசையில் உடனே ஸ்டென்ட் வைப்பதுதான் வழக்கம். அதனால் மருத்துவர் பாரத்தில் ‘ஆஞ்சியோகிராம், கே.ஐ.வி. ஆஞ்சியோபிளாஸ்டி’ என்று எழுதுவார். பார்த்துத் தேவைப்பட்டால் செய்வோம் என்று பொருள். சில வேளைகளில் ஜி.எல். ஆஞ்சியோகிராமுக்கு மட்டும் வரும். குடும்பம் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போய்விடும். அரை மணி நேரத்தில், ஸ்டென்ட் வைக்கப் பணம் கட்டச் சொல்லி அழைப்பு வரும். ஜி.எல். கையில் கிடைத்ததும் அதில் இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று மட்டும் இருந்தால், ஆஞ்சியோகிராம் முடிவை யார், எந்த எண்ணுக்கு அனுப்புவார்கள், எவ்வளவு நேரத்தில் பதில் வரும் என்பதை முந்தைய நாளே கவுண்டரில் பேசிவைத்துவிடுங்கள்.

2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது சில மாதம் சந்தா கட்டவில்லை. பிறகு மீட்டுவிட்டோம். அது பாதிக்குமா?

பாதிக்கலாம். சந்தாவை ஒத்திவைக்க நிறுவனமே அனுமதித்திருந்தால் பாலிசி தொடர்ந்து இருந்ததாகவே கொள்ளப்படும். காலாவதியாகி, மீண்டும் உடல்நல விவரம் எழுதிக் கொடுத்து உயிர்ப்பித்திருந்தால், காத்திருப்புக் காலமும் ‘முன்பே இருந்த நோய்’ என்ற கணக்கும் பெரும்பாலும் அந்த மீட்புத் தேதியிலிருந்து தொடங்கும். அப்போது நீங்கள் நிறுவ வேண்டியது ரத்த அழுத்தம் பாலிசி தொடங்கிய நாளுக்குப் பின் வந்தது என்பதை மட்டும் அல்ல, மீட்புத் தேதிக்கும் பின்னால்தான் வந்தது என்பதையும்.

பிற்பாடு அட்டையின் வரம்பை உயர்த்தியிருந்தாலும் இதே கதைதான், ஆனால் உயர்த்திய பகுதிக்கு மட்டும். பழைய வரம்பு பழைய தேதியிலேயே நிற்கும்.

அக்கா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாலிசி எடுக்கும்போதே அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தது; பாரத்தில் ‘இல்லை’ என்றுதான் இருக்கிறது. இப்போது என்ன எழுதுவது?

நீங்கள் கேட்டது நல்லது. இப்படி இருந்தும் கேட்காமல் எழுதியவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். கண்டறிந்த உண்மையான தேதியை எழுதுங்கள். அடுத்து, பாரத்தில் ‘இல்லை’ என்று வந்தது எப்படி என்பதை அப்பாவிடம் கேட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கேள்வி ஆங்கிலத்தில் இருந்து அவருக்குப் புரியவில்லையா? ஏஜென்ட் கேட்காமலேயே நிரப்பினாரா? ஒரு முறை அழுத்தம் கூடியிருந்தது, மருந்து தரவில்லை என்பதால் அதை நோயாக அவர் நினைக்கவில்லையா? இது அனுதாபத்துக்காக எழுதும் விளக்கம் அல்ல. 2013 நிதிச் சேவைச் சட்டத்தின் 9-ஆம் அட்டவணை, வேண்டுமென்றே அல்லது பொறுப்பே இல்லாமல் சொன்ன தவறையும், கவனக்குறைவாலோ அறியாமலோ நேர்ந்த தவறையும் பிரித்துப் பார்க்கிறது.

முதல் வகையென்றால் நிறுவனம் பாலிசியை ரத்து செய்து கோரிக்கையையும் மறுக்கலாம். இரண்டாம் வகையென்றால், உண்மை அன்றே தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்பதே அளவுகோல். கூடுதல் சந்தா வாங்கிக்கொண்டு ஏற்றிருக்கும் என்றால், கட்டிய சந்தாவின் விகிதத்தில் குறைத்துக் கொடுக்க இடமுண்டு. ஆயுள் காப்புறுதி ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடப்பில் இருந்தால், மோசடி என்று காட்டினாலொழிய அதை ரத்து செய்ய முடியாது. ஆனால் பாலிசி ரத்தாகவில்லை என்பதற்காக இந்தச் செலவு கிடைத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டாவது பதிலில் சொன்ன ‘முன்பே இருந்த நோய்’ விலக்கு தனியாக நிற்கிறது. இந்த நிலையில் ஜி.எல். கிடைக்காது என்றே எண்ணிக்கொண்டு, அரசாங்க மருத்துவமனை இதயப் பிரிவில் இடம் கேட்பதை இப்போதே தொடங்குங்கள்.

‘ஜி.எல். தர இயலாது, பணம் கட்டிப் பிறகு கோருங்கள்’ என்று வந்துவிட்டது. எல்லாம் முடிந்ததா?

ஜி.எல். மறுப்பும் கோரிக்கை மறுப்பும் ஒன்றல்ல. கையில் உள்ள தாள்களை வைத்து, சிகிச்சைக்கு முன்பே உத்தரவாதம் தர நிறுவனம் துணியவில்லை, அவ்வளவுதான். பணம் கட்டிச் சிகிச்சை முடித்து, அசல் ரசீதுகள், விவரப் பில், ஆஞ்சியோகிராம் அறிக்கை, முழு மருத்துவ அறிக்கை ஆகியவற்றோடு கோரினால் மீண்டும் முதலிலிருந்து பார்ப்பார்கள். பாலிசியில் கோருவதற்கான கால வரம்பு இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். மருத்துவர் அனுமதித்தால், கிளினிக் அறிக்கை வரும்வரை தேதியைத் தள்ளிவைப்பதும் ஒரு வழி. பணத்துக்கு, ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து மருத்துவச் செலவுக்கு எடுக்க முடியும். பெற்றோரின் சிகிச்சைக்காகப் பிள்ளைகளும் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கோரிக்கையையும் மறுத்தால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். அவர்களின் இறுதி முடிவும் மறுப்பாக இருந்தால், 6 மாதங்களுக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவைக்குக் கொண்டுபோகலாம். பழைய நிதிச் சேவைக் குறைதீர்ப்பு அமைப்பு 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. 250,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை எடுக்கிறார்கள், பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. குவெரிக்கு நீங்கள் அனுப்பிய கடிதமும் இணைப்புகளும் அங்கே உங்கள் முதல் சான்று. அனுப்பிய நாளும் நேரமும் தெரியும்படி ஒரு நகலை வைத்திருங்கள்.

ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்னும் ஏதாவது செய்ய வேண்டியது இருக்கிறதா?

அப்பாவிடம் கடும்நோய்க் காப்புறுதி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆயுள் பாலிசியோடு சேர்ந்தும் இருக்கலாம். ஆஞ்சியோபிளாஸ்டி அந்தப் பட்டியலில் இருக்கும். மற்ற நோய்களைப் போல முழுத் தொகை வராது. பெரும்பாலான பாலிசிகளில் காப்புத் தொகையில் 10 விழுக்காடு, அதிகபட்சம் 25,000 ரிங்கிட். ஆஞ்சியோகிராம் மட்டும் செய்திருந்தால் இது கிடைக்காது. ஜி.எல். கிடைத்ததோ இல்லையோ, இது வேறு கோரிக்கை, வேறு பாரம். கடிதத்துக்காக நீங்கள் சேர்த்த அதே கிளினிக் குறிப்பும் மருத்துவரின் திருத்தக் குறிப்பும் இதற்கும் தேவைப்படும். அசலை அப்பாவின் கோப்பில் வைத்துக்கொண்டு, மருத்துவமனை உறுதிசெய்த நகலை அனுப்புங்கள்.